ராணி போனாலும் டிரா: மூன்று கோட்டைகளில் எதற்குள் ஓடுவது?

காய் குறைவாக இருக்கிறது, சும்மா ஆடினால் தோல்வி, ஆனால் ஏதோ ஒரு மூலையில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டால் எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றுகிறது. சதுரங்கம் ஆடுகிற எல்லோருக்கும் இந்த நிலை வரும். ஆங்கிலத்தில் ஃபோர்ட்ரஸ் என்கிறார்கள், நாம் கோட்டை என்றே சொல்லலாம். (ரூக் காயையும் சிலர் கோட்டை என்பார்கள். குழப்பம் வேண்டாம், இந்தக் கட்டுரையில் அந்தக் காய் யானை.) கடைசியில் வருகிற ஆட்டத்தைத் தவிர எல்லா உதாரணங்களிலும் காய் குறைந்தவர் கறுப்பு, உடைக்கப் பார்க்கிறவர் வெள்ளை.

கோட்டை என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியும். சிக்கல் வருவது தேர்வு செய்யும்போதுதான். ஆட்டத்தின் கடைசி மணி நேரத்தில் இரண்டு மூன்று வழிகள் திறந்திருக்கும், கையில் ஐந்து நிமிடம் இருக்கும். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் அதில் ஒன்று மட்டும் உண்மையான கோட்டையாக இருக்கும். அதனால் எனக்கு நன்றாகப் பழக்கமான மூன்று வகைகளை எடுத்து, எது எப்போது தாங்கும், எது எங்கே உடையும் என்று பார்க்கப் போகிறேன். மூன்றிடமும் நான் கேட்பது ஒரே கேள்விகள்தான்: வெள்ளை ராஜா உள்ளே வர வழி இருக்கிறதா? எனக்கு எப்போதும் எதையும் கெடுக்காத ஒரு நகர்வு மிச்சம் இருக்கிறதா? வெள்ளை தன் பெரிய காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வழியில் ஜெயிக்க முடியுமா?

முதலில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன்: ராணிக்கு எதிராக யானையும் ஒரு சிப்பாயும்.

கறுப்பு ராஜா g8, சிப்பாய் g7, யானை f6. வெள்ளையிடம் ராஜா e4, ராணி d7, வேறு எதுவும் இல்லை. காய் மதிப்பைக் கூட்டிப் பார்த்தால் வெள்ளைக்குத்தான் மேல்கை, ஆனாலும் ஜெயிக்க முடியாது. ஏன் என்று பார்க்க, பலகையில் வைத்து வெள்ளையாக நீங்களே முயன்று பாருங்கள். யானை f6-இல் நிற்கும்போது 6-ஆம் ரேங்க் முழுவதும் அதன் பிடியில் இருக்கிறது, அதனால் வெள்ளை ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. சரி, யானையை அங்கிருந்து விரட்டலாம் என்றால் g7 சிப்பாய் அதற்குக் காவல். ராஜா e5-க்கு வந்து யானையை முறைக்கலாம், அவ்வளவுதான், எடுக்க முடியாது. கறுப்பு யானையை h6-க்கு நகர்த்தும். அதுவும் அதே சிப்பாயின் காவலில் உள்ள கட்டம். ராஜா f5-க்கு வந்தால் யானை திரும்ப f6-க்கு வந்து செக்கே கொடுக்கும்.

ராணி செக் கொடுத்துக்கொண்டே போனால்? ராணி e8 செக், ராஜா h7. ராணி h5 செக், யானை h6-இல் குறுக்கே வரும், வரும்போதே ராணியைத் தாக்கவும் செய்யும். ராணி f5 செக், ராஜா g8. ராணி c8 செக், மறுபடி ராஜா h7. அடுத்த நகர்வில் யானை f6-க்குப் போய் எல்லாம் பழையபடி. ராணியை f6-இல் கொடுத்து யானையை எடுத்தால் g7 சிப்பாய் திருப்பி எடுக்கும், அப்புறம் சிப்பாய் வைத்திருப்பது கறுப்புதான். மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது: ராஜாவுக்கு வழி இல்லை, கறுப்புக்கு f6, h6 என்று இரண்டு கட்டங்களுக்கிடையே ஓயாமல் நகர முடியும், காயைத் திருப்பிக் கொடுப்பதும் பலிக்காது.

இதில் தவறு நடக்கிற இடம் ஒன்றே ஒன்று: யானை சிப்பாயின் காவலை விட்டு வெளியே போவது. 6-ஆம் ரேங்கில் எங்கே நின்றாலும் ராஜாவைத் தடுக்கிறதே, தள்ளியே நிற்கலாமே என்று தோன்றும். ராஜா g8-இல் இருக்க யானை a6-க்குப் போனால் ராணி c4-இல் செக், யானை காலி. b6-க்குப் போனால் ராணி b3-இல் செக், அதே கதை. f6-க்கும் h6-க்கும் நடுவில் இருக்கிற g6 கூட ஆபத்துதான், ஏனென்றால் g7 சிப்பாய் அதைக் காக்காது. ஆக யானைக்கு இரண்டே கட்டம் என்று மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், செக்குக்கு மட்டும் ராஜா பதில் சொல்லட்டும்.

சிப்பாய் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அது பிறந்த இடத்திலேயே, அதாவது g7-இல், நகராமல் இருந்தால்தான் மேலே சொன்னது நடக்கும். ஒரு கட்டம் முன்னே போய்விட்டால் யானையும் ஒரு ரேங்க் முன்னே போக வேண்டும், பின்னால் ராணி புகுந்து ராஜாவைத் துரத்த இடம் கிடைத்துவிடும். நடுச் சிப்பாய் இப்படி முன்னே போன நிலையில் ராணி ஜெயிப்பதை பிலிடோர் 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். ஓரச் சிப்பாய், அதாவது h7 என்றால் இன்னொரு குறை: அது காக்கிற கட்டம் g6 ஒன்றுதான். யானைக்கு மாறி மாறி நிற்க இரண்டாவது இருக்கை கிடையாது, ராஜாதான் ஒவ்வொரு முறையும் நகர வேண்டும், அந்த ராஜாவைத்தான் ராணி துரத்தும். அதனால் எண்ட்கேமுக்கு முன்பே எந்தச் சிப்பாயை மாற்றிக்கொள்வது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தால் h சிப்பாயைக் கொடுத்து g சிப்பாயை நகர்த்தாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்குக் கூடுதலாக ஒரு சிப்பாய் இருந்தால்? அது எந்த ஃபைலில் என்பதைப் பார்க்க வேண்டும். g ஃபைலில் இருந்து g5 வரை வந்துவிட்டால் அது f6, h6 இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்கும், யானையின் இரண்டு இருக்கையும் பறிபோய்விடும். தூரத்தில் a ஃபைலில் ஓடுகிற சிப்பாய் என்றால் யானை அதைத் தடுக்கப் போக வேண்டும், போனால் காவல் போச்சு. இந்தக் கோட்டை தாங்குவது வெள்ளையிடம் ராணி மட்டும் இருக்கும்போது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூடுதல் சிப்பாயையும் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது வகையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இது பலருக்குத் தெரிந்தது: தப்பான பிஷப். வெள்ளையிடம் பிஷப்பும் h சிப்பாயும், ஆனால் பிஷப் ஓடுவது வெள்ளைக் கட்டங்களில். சிப்பாய் ராணியாக வேண்டிய h8 கறுப்புக் கட்டம். கறுப்பு ராஜா h8-ஐப் பிடித்துவிட்டால் அதை அங்கிருந்து கிளப்ப வெள்ளையிடம் எதுவும் இல்லை. வெள்ளை ராஜா g6, சிப்பாய் h6, பிஷப் d5 என்று நெருக்கினால் அது ஸ்டேல்மேட். h ஃபைலில் ஒரே வரிசையாக இரண்டு மூன்று சிப்பாய்கள் இருந்தாலும் இதே பதில்தான். ஒரு முழுக் காய் குறைவாக இருந்தும் யோசிக்காமலே காப்பாற்றக்கூடிய நிலை, இந்த மூன்றில் மிக உறுதியானது இதுதான்.

இங்கே ஆபத்து நுழைவதற்கு முன்னால்தான். ராஜா மூலைக்கு எட்ட வேண்டும். வெள்ளைச் சிப்பாய் h6-இலும் பிஷப் h7-இலும் நிற்க, உங்கள் ராஜா f7-இல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலை இரண்டு அடி தூரம்தான், ஆனால் g7-ஐ சிப்பாயும் g8-ஐ பிஷப்பும் மூடிவிட்டன. வெள்ளை ராஜா g5-இலிருந்து f5, உங்கள் ராஜா f8, அது f6, நீங்கள் e8-க்குப் போயே ஆக வேண்டும், அது g7-க்கு வந்துவிடும், அவ்வளவுதான். பிஷப் h7-இல் அடைபட்டுக் கிடக்கிறதே என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் தோற்பது இப்படித்தான். கோட்டைக்குள் இருக்கிறேன் என்று சொல்வதற்கு முன் ராஜா g7, g8, h8 இந்த மூன்றில் ஒன்றில் கால் வைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, உங்களுக்கு g ஃபைலில் ஒரு சிப்பாய் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். வெள்ளையின் h சிப்பாய் அதை எடுத்து g சிப்பாயாக மாறிவிட்டால் ஓரச் சிப்பாய் என்கிற காரணமே போய்விடும். இந்த நிலையில் உங்கள் சொந்தச் சிப்பாய் எதிராளிக்கு ஏணி.

மூன்றாவது வகை சிப்பாய்ச் சுவர். பலகை முழுக்க சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்க, எதிராளியிடம் ராணியே இருந்தாலும் உள்ளே வர ஓட்டை இல்லை. பார்க்க மிக அழகானதும் இதுதான், நான் மிகக் குறைவாக நம்புவதும் இதுதான். 1970-இல் ஷில்டே நகரில் அர்ஷாக் பெட்ரோசியனும் (உலக சாம்பியன் டிக்ரான் அல்ல, அவர் வேறு) லாஸ்லோ ஹசாயும் ஆடிய ஆட்டம் இதற்கான பாடம்.

ஹசாய் கறுப்பு. அவருடைய a5 சிப்பாயை வெள்ளை அவசரமில்லாமல் சூழ்ந்து எடுக்கப் போகிறது, அவரிடம் எதிர்த்தாக்குதலும் இல்லை. 45-ஆவது நகர்வில் அவர் தன் ராணியை b6-இல் கொண்டுபோய் வைத்தார், வெள்ளைக் குதிரை நேராக எடுக்கக்கூடிய கட்டத்தில். பெட்ரோசியன் குதிரையால் செக் கொடுத்து எடுத்தார், ஹசாய் c சிப்பாயால் திருப்பி எடுத்தார். ராணிக்கு வெறும் குதிரை. ஆனால் இப்போது ராணிப் பக்கம் முழுக்க பூட்டிக்கொண்டது, மிச்சம் திறக்கக்கூடியது h ஃபைல் மட்டும். வெள்ளை உடனே h4 தள்ளியது, கறுப்பு g சிப்பாயால் எடுத்தது. வெள்ளை ராணி d2-க்கு வந்தது, h ஃபைலுக்குள் புக. அப்போது கறுப்பு h3! வெள்ளை எடுக்காவிட்டால் அது h2-க்குப் போய்விடும், எடுத்தால் பின்னால் இருந்த இன்னொரு h சிப்பாய் h4-க்கு வந்து கதவை அடைத்துவிடும். எடுத்தார், அடைத்தது. அதன் பிறகு ஹசாய் ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார், சில நகர்வுகளில் டிரா.

இந்த ஆட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ராணிப் பலி அல்ல, அது ஒரு நகர்வு வித்தியாசத்தில்தான் பலித்தது என்பது. பெட்ரோசியன் b6-இல் எடுக்காமல் முதலில் ராணியை c1-க்குக் கொண்டுபோயிருந்தால்? அப்போது அதே குதிரை எடுப்பு மிரட்டலாகிவிடும்: எடுத்து, திருப்பி எடுத்து, h4, g சிப்பாய் எடுக்கும், உடனே ராணி c1-இலிருந்து முதல் ரேங்க் வழியாக h1, அடுத்து h3. கதவு அடைபடுவதற்குள் உள்ளே. அதே சிப்பாய்கள், அதே மாற்றம், ராணி நிற்கிற கட்டம் மட்டும் வேறு. அதனால்தான் சுவரை நம்பி ஓடுகிறவர் கேட்க வேண்டியது, இப்போது மூடியிருக்கிறதா என்பது மட்டுமல்ல. கடைசிக் கதவை நான் அடைப்பதற்குள் ராணி அங்கே வந்துவிடுமா என்பதையும் கணக்கிட வேண்டும்.

மூடிய பிறகும் வேலை இருக்கிறது. ஹசாயின் சுவரில் வெள்ளைக்கு மிச்சமிருந்த ஒரே வழி ராணியை a5-இலோ e5-இலோ சிப்பாய்க்காகக் கொடுத்துச் சுவரை உடைத்து, கிடைக்கிற பாதையில் சிப்பாயை ஓடவிடுவது. கறுப்பு ராஜா நடுப்பகுதியில் இருந்ததால் அந்தச் சிப்பாயைப் பிடிக்க முடியும், அதனால் அது பலிக்கவில்லை. அதே ராஜா சலிப்பில் ஓரத்துக்குப் போயிருந்தால் கதை மாறியிருக்கலாம். யானைக் கோட்டையில் எந்தக் கட்டங்களில் நிற்பது என்று தெரிந்தால் போதும், இங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் எந்தெந்தப் பலி வரலாம், எங்கே சிப்பாய் ஓடும், என் ராஜா எட்டுமா என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு, கோட்டை என்று நம்பப்பட்டு கோட்டையே இல்லாமல் போன ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒரு குதிரை, சிப்பாய்கள் இல்லை. 1851-இல் கிளிங், ஹார்விட்ஸ் இருவரும் குதிரையை b7-இல் வைத்து ராஜாவை அருகில் வைத்துக்கொண்டால் டிரா என்று எழுதினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். 1983-இல் கென் தாம்சன் கணினியில் அந்த எண்ட்கேமின் எல்லா நிலைகளையும் கணக்கிட்டபோது, பொதுவாக பிஷப்புகள் ஜெயிக்கின்றன, ஆனால் அதிகபட்சம் 66 நகர்வுகள் வரை ஆகலாம் என்று வெளியானது. எங்கே உடைகிறது என்றால், இரண்டாவது கேள்வியில். கறுப்புக்கு நகர வேண்டிய முறை வரும்போது ராஜாவோ குதிரையோ இடத்தை விட்டு விலகியே தீர வேண்டிய நிலையை வெள்ளையால் உண்டாக்க முடிகிறது. குதிரை கிளம்பி வேறு மூலையில், b2, g2, g7 போன்ற கட்டத்தில், மறுபடி அதே அமைப்பைக் கட்டப் பார்க்கும், அங்கே போய்ச் சேராமல் தடுப்பதுதான் வெள்ளையின் கடினமான வேலை. மேசையில் ஆடும்போது 50 நகர்வு விதி கறுப்புக்குத் துணை. பிஷப்புகளோடு ஆடுகிறவருக்கு வழி சரியாகத் தெரிந்திருப்பதும் அரிது. அதனால் வேறு வழியே இல்லை என்றால் இதில் ஓடலாம், ஆனால் இது நேரம் கடத்துகிற இடம் என்று தெரிந்தே ஓட வேண்டும்.

சரி, தேர்வுக்கு வருவோம். தப்பான பிஷப் மூலைக்கு ராஜா எட்டும் என்று எண்ணிப் பார்த்து உறுதியாகத் தெரிந்தால் நான் வேறு எதையும் யோசிக்க மாட்டேன், அதற்காக ஒரு காயைக் கொடுத்து எதிராளியின் மற்ற சிப்பாய்களை ஒழிக்கவும் தயங்க மாட்டேன். எட்டுமா என்பதில் ஒரு நகர்வு சந்தேகம் இருந்தாலும், முதலில் அந்த h7 பிஷப் தந்திரத்தைத் தேடுவேன். மூலை கிடைக்காமல் ராணிக்கு எதிராக யானையோடு நிற்க வேண்டி வந்தால், என் சிப்பாய் நகராமல் இருக்கிறதா, எதிராளியிடம் சிப்பாய் மிச்சமா என்ற இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பேன். எதிராளியிடம் கடைசிச் சிப்பாய் ஒன்று இருந்து அதை மாற்றிக்கொள்ள வாய்ப்பு வந்தால், என் இன்னொரு சிப்பாயைக் கூடச் சேர்த்துக் கொடுத்து மாற்றிக்கொள்வேன். சுவரைத் தேர்ந்தெடுப்பது, மற்ற எல்லாம் தோல்வி என்று தெரிந்தபோது மட்டும். ஹசாயும் அப்படித்தான் செய்தார், a5 சிப்பாய் போன பிறகு அவருக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

உடைக்கிற பக்கம் இருக்கிறவருக்கும் இதே கணக்கு தலைகீழாகப் பொருந்தும். ராணி யானையை விடப் பெரிது என்ற நினைப்பில் கடைசிச் சிப்பாயையும் மாற்றிக்கொண்டு எளிமையாக்குவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. அந்தச் சிப்பாய்தான் சாவி. அதேபோல, எதிராளி திடீரென்று பெரிய காயைத் தட்டில் வைத்து நீட்டினால், எடுப்பதற்கு முன் எடுத்த பிறகு என் ராஜாவோ ராணியோ எந்தக் கட்டம் வழியாக உள்ளே போகும் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாவிட்டால் காயை அங்கேயே விட்டுவிட்டு, முதலில் வழியைத் திறக்கலாம்.

காக்கிறவர் தானாகவே கோட்டையை விட்டு வெளியே வருவதும் உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். டிங் வெள்ளை, ஒரு சிப்பாய் குறைவு, இரண்டு பக்கமும் யானையும் பிஷப்பும். முழுமையான கோட்டை என்று இதைச் சொல்ல முடியாது, ஆனாலும் பொறுமையாக யானையை வைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தால் டிரா ஆகக்கூடிய நிலை. 55-ஆவது நகர்வில் டிங் யானையை f2-க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினார். யானைகள் போனால் டிரா இன்னும் பக்கம் என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன எண்ணம். குகேஷ் எடுத்தார், டிங் ராஜாவால் எடுத்தார், உடனே குகேஷின் பிஷப் d5-க்கு வந்தது. டிங்கின் பிஷப் a8 மூலையில் இருந்தது, அதற்கு வெளியேற அந்த ஒரே மூலைவிட்டம்தான், அதில்தான் இப்போது எதிரி நிற்கிறது. பிஷப்புகள் மாறியே தீர வேண்டும். மாறிய பிறகு இருப்பது ராஜாக்களும் சிப்பாய்களும், அதில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவர் குகேஷ். இன்னும் மூன்று நகர்வு தாண்டவில்லை, 58-ஆவதிலேயே டிங் கை கொடுத்துவிட்டார்.